பத்து நிமிட வீடியோ ஸ்கிரிப்ட்டை மூன்று நிமிடமாகச் சுருக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து நிமிட விஷயத்தை மூன்று நிமிடத்தில் சொன்னால் எதையாவது இழக்கத்தானே வேண்டும்?

ஆம், பத்தில் ஏழு பங்கு போயே தீரும். அந்த ஏழு பங்கு எது என்பதை எழுதியவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வெட்டும் அவசரத்தில் அது தானாகத் தீர்மானமாக விட்டுவிடக் கூடாது. பலரும் ஒவ்வொரு பத்தியிலிருந்தும் சில வாக்கியங்களை எடுத்து, எல்லாப் பத்திகளையும் சற்றே மெலியவைத்து, நேரத்தைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் எட்டுத் தலைப்புகள் எட்டும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடிதான் கிடைக்கும், எதுவும் நிறுவப்பட்டிருக்காது. பார்ப்பவருக்குச் செய்திகளின் பட்டியல் ஒன்று கிடைக்குமே தவிர, வாதம் கிடைக்காது.

முழுப் பகுதிகளை அப்படியே எடுத்துவிட்டு, எஞ்சியவற்றுக்குத் தேவையான நேரத்தைக் கொடுப்பதே சரியான வழி. இந்தப் பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு அதை விளக்குகிறேன். சென்னை வீடுகளின் மழைநீர் சேகரிப்பைப் பற்றிய பத்து நிமிட ஸ்கிரிப்ட் ஒன்று நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பகுதிகள் வருமாறு: 2019ஆம் ஆண்டின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காட்சிகள் 80 விநாடி, தமிழகத்தின் ஏரி, குளங்களின் வரலாறு 100 விநாடி, 2003ஆம் ஆண்டில் வந்த கட்டாயச் சட்டம் 60 விநாடி, சேகரிப்பு அமைப்பு இயங்கும் விதம் 100 விநாடி, ஒரு கூரையில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்ற கணக்கு 50 விநாடி, பல வீடுகளில் அமைப்பு பயன் தராததற்கான காரணம் 90 விநாடி, எழக்கூடிய மறுப்பும் அதற்கான பதிலும் 50 விநாடி, செய்ய வேண்டியது 70 விநாடி. மொத்தம் 600 விநாடி.

எங்கிருந்து வெட்டத் தொடங்குவது? முதல் வரியிலிருந்தா?

ஸ்கிரிப்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்காதீர்கள். அதை மூடிவைத்துவிட்டு, வாதத்தை ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். நினைவில் நிற்பவை பெரும்பாலும் வாதத்தின் எலும்புகளாகவே இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் இடையே ‘ஏனென்றால்’ அல்லது ‘ஆகவே’ என்ற சொல் பொருந்துகிறதா என்று பாருங்கள். ‘மேலும்’ மட்டுமே பொருந்துகிறது என்றால், அங்கே வாதம் நகரவில்லை, செய்திதான் கூடியிருக்கிறது.

நம் எடுத்துக்காட்டில் அந்தத் தாளில் எழுதியது இப்படி அமையும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, ஏனென்றால் 2003இல் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அதில் இறங்கக்கூடிய தண்ணீர் கணிசமானது, ஏனென்றால் ஒரு சிறிய கூரையே ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டரை ஒட்டித் தருகிறது. ஆனால் பராமரிக்காத அமைப்புக்குள் அந்தத் தண்ணீர் இறங்குவதில்லை, ஏனென்றால் வடிகட்டித் தொட்டி வண்டலால் அடைபட்டுவிடுகிறது. ஆகவே புதிதாக எதையும் கட்டுவதற்கு முன், இருக்கும் தொட்டியை ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

இந்தச் சங்கிலியில் ஏரி வரலாறு வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2019 காட்சிகளும் வரவில்லை. அமைப்பு இயங்கும் விதத்தில் வடிகட்டித் தொட்டி மட்டும் வந்திருக்கிறது. மாடிக் குழாயின் சரிவு, குழாயின் விட்டம், கிணற்றுக்கான இணைப்பு ஆகியவை வரவில்லை. ஏரி வரலாறு, காட்சிகளின் பெரும்பகுதி, இயங்கும் விதத்தின் பெரும்பகுதி ஆகிய மூன்றையும் எடுத்தாலே ஏறத்தாழ நான்கு நிமிடம் குறைந்துவிடுகிறது. இதுவரை ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்தவில்லை.

என் ஸ்கிரிப்ட்டில் முக்கிய வாதம் எது என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்வது?

தலைப்பையும் வாதத்தையும் ஒன்றென நினைப்பதால்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பம் வருகிறது. ‘மழைநீர் சேகரிப்பின் அவசியம்’ என்பது தலைப்பு; அதை மறுப்பவர் யாரும் இல்லை. ‘பல வீடுகளில் குறை கட்டுமானத்தில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது’ என்பது வாதம். இதை ஏற்காதவர் ஒருவரை நம்மால் கற்பனை செய்ய முடிகிறது. ‘இல்லை, எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அமைப்பே கிடையாது’ என்று அவர் சொல்லக்கூடும். இப்படி எதிர்த்துப் பேச இடம் தரும் ஒரு வாக்கியத்தை உங்கள் ஸ்கிரிப்ட்டில் தேடுங்கள். பெரும்பாலும் அது ஆறாவது அல்லது ஏழாவது நிமிடத்தில்தான் கிடைக்கும், ஏனென்றால் எழுதிக்கொண்டே போகும்போதுதான் நமக்கே அது புலப்படுகிறது. மூன்று நிமிட வடிவத்தில் அந்த வாக்கியம் முதல் இருபது விநாடிக்குள் வர வேண்டும்.

அப்படிப்பட்ட வாக்கியங்கள் இரண்டு இருந்தால், ஒன்றோடொன்று ‘ஆகவே’ கொண்டு இணைகின்றனவா என்று பாருங்கள். இணைந்தால் இரண்டும் ஒரே வாதத்தின் படிகள். இணையவில்லை என்றால் உங்களிடம் இருப்பது இரண்டு வீடியோக்கள். மூன்று நிமிடத்தில் அவற்றில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

மூன்று நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் எழுதலாம்?

நிறுத்தி, தெளிவாக வாசிக்கும் ஒருவர் எழுத்துத் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொற்களை ஒட்டி வாசிப்பார் என்று தொடக்கக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். ஆங்கில வழிகாட்டிகளில் காணப்படும் நிமிடத்துக்கு 140, 150 சொற்கள் என்ற கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் ஸ்கிரிப்ட் நீண்டுவிடும், ஏனென்றால் நம் சொற்கள் வேற்றுமை உருபையும் துணைவினையையும் தம்மோடு ஒட்டிக்கொண்டு நீளமாக வருகின்றன. ‘கட்டாயமாக்கப்பட்டிருந்தாலும்’ என்பது எண்ணிக்கையில் ஒரே சொல். வாசிக்கும்போது ஒரு சிறு வாக்கியம் அளவுக்கு நேரம் எடுக்கும்.

எண்கள் இதைவிடவும் ஏமாற்றும். ‘1,04,000 லிட்டர்’ என்பது தாளில் இரண்டு சொல்; வாயில் ‘ஒரு லட்சத்து நான்காயிரம் லிட்டர்’ என்று நான்கு சொல். எண்கள் நிறைந்த பத்தி தாளில் சிறியதாகத் தோன்றி, ஒலிப்பதிவில் நீண்டுவிடுவது இதனால்தான். எனவே சுருக்கும்போது எண்களை எழுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். திரையில் காட்ட வேண்டிய இடத்தில் பின்னர் இலக்கமாக மாற்றிக்கொள்ளலாம்.

உங்களுக்கான சரியான அளவு உங்கள் குரலில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதிலிருந்து ஒரு பத்தியை, பதிவு செய்யும்போது வாசிக்கும் அதே நிதானத்தில், கைப்பேசியில் பதிவு செய்து, நேரத்தையும் சொற்களையும் ஒப்பிடுங்கள். அதிலிருந்து வரும் கணக்கில் 180 விநாடிக்கு எழுதாமல் 170 விநாடிக்கு எழுதுங்கள். மூச்சுக்கும், ஒரு காட்சி பேச்சின்றி நிற்பதற்கும் அந்தப் பத்து விநாடி தேவைப்படும். யூடியூப் ஷார்ட்ஸில் ஏற்றுவதாக இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். 2024 அக்டோபர் முதல் அங்கே அதிகபட்ச நீளம் மூன்று நிமிடம் என்பதால், மிஞ்சும் ஒரு விநாடிக்கும் அங்கே இடம் இல்லை.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

வாதத்தில் எந்தப் படி நம்புவதற்குக் கடினமோ அதற்கு அதிக நேரம் கொடுங்கள். சமமாகப் பிரிக்க வேண்டிய தேவை இல்லை. சட்டம் இருக்கிறது என்பதைச் சென்னைவாசிகளில் பலரும் அறிவார்கள். அதற்குப் பதினைந்து விநாடி போதும். தங்கள் வீட்டுத் தொட்டி அடைபட்டிருக்கலாம் என்பதைத்தான் அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நேரம் அங்கேதான் செலவாக வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுக்கு நான் கொடுக்கும் பங்கீடு இது. வாதத்தைச் சொல்லும் தொடக்கம் 20 விநாடி, சட்டம் 15, கூரைக் கணக்கு 30, அடைபடுவதன் காரணம் 50, மறுப்பும் பதிலும் 25, செய்ய வேண்டியது 30. மொத்தம் 170. மூலத்தில் 90 விநாடி பேசிய காரணப் பகுதிக்கு இங்கே 50 கிடைத்திருக்கிறது. 80 விநாடி ஓடிய காட்சிப் பகுதி தொடக்க வரி ஒன்றில் அடங்கிவிட்டது.

தொடக்கத்தில் ஈர்ப்பான காட்சி வேண்டாமா? அதை வெட்டினால் யாரும் பார்க்க மாட்டார்களே?

காட்சி இருக்கலாம், அது வாதத்தைத் தானே சுமக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மூல ஸ்கிரிப்ட்டில் பிளாஸ்டிக் குடங்களின் வரிசை, லாரிக்காகக் காத்திருக்கும் மக்கள், வறண்ட செம்பரம்பாக்கம், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீர் என்று நான்கு படிமங்கள் இருந்தன. நான்கும் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் இல்லை. அவற்றில் எதை முதலில் வைத்தாலும், பார்ப்பவர் ‘இது தட்டுப்பாட்டைப் பற்றிய வீடியோ’ என்று எண்ணிக்கொள்வார். பராமரிப்பு என்ற வாதம் வரும்போது பாதி வீடியோ முடிந்திருக்கும்.

அடைபட்ட வடிகட்டித் தொட்டி ஒன்றின் மீது மழைநீர் தேங்கி, வழிந்து, தெருவுக்கு ஓடுவதைக் காட்டினால், அந்த ஒரு காட்சியிலேயே வாதம் முழுவதும் இருக்கிறது. அதன்மேல் ஒலிக்க வேண்டிய சொற்களும் குறைவு: ‘இந்த வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது. இந்த மழையில் ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. பல வீடுகளில் குறை கட்டுமானத்தில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது.’ இதற்குப் பத்து விநாடியை ஒட்டித்தான் ஆகும். காட்சி சற்று நின்று, தண்ணீர் வழிவது தெரிய மீதி நேரம் இருக்கிறது.

சான்றுகள் பல இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

ஒரு கூற்றுக்கு ஒரு சான்று போதும். அது கேட்பவர் தாமே சரிபார்த்துக்கொள்ளக் கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. கூரைக் கணக்கை நான் வைத்துக்கொள்வது இந்தக் காரணத்தால்தான். ஆயிரம் சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதாவது 1.4 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 130 கனமீட்டர், அதாவது 1,30,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக எண்பது விழுக்காடு கிடைக்கும் என்று கொண்டால் 1,04,000 லிட்டர். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகரக் குடிநீர் அளவுகோலின்படி நான்கு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர் வேண்டும்; எனவே இது ஏறத்தாழ ஆறு மாதத் தேவைக்கு இணையானது.

பத்து நிமிடத்தில் இந்தப் படிகள் அனைத்தையும் வாசிக்க முடிந்தது. மூன்று நிமிடத்தில் இரண்டு முனைகளை மட்டும் வாசித்தால் போதும்: ‘ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் ஆண்டில் விழும் மழையிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டரை மண்ணுக்குள் இறக்கலாம். நான்கு பேர் குடும்பம் ஆறு மாதத்தில் பயன்படுத்தும் தண்ணீரின் அளவு அது.’ இடையிலுள்ள பெருக்கல் திரையில் வரியாகத் தெரியட்டும். சந்தேகப்படுபவர் வீடியோவை நிறுத்திப் பார்த்துக்கொள்வார்; மற்றவர்கள் நம்பி மேலே செல்வார்கள். 1,04,000 என்பதை ‘ஏறத்தாழ ஒரு லட்சம்’ என்று சொல்வதால் வாதத்துக்கு எந்தக் குறையும் இல்லை, ஏனென்றால் எண்பது விழுக்காடு என்பதே ஒரு மதிப்பீடுதான்.

வரலாற்றுப் பகுதிக்காக நிறைய உழைத்திருக்கிறேன். அதை எடுக்க மனம் வரவில்லை. கொஞ்சமாவது வைக்கலாமா?

வைக்க வேண்டாம். ஏரி, கண்மாய், குளம் என்று நீரைத் தேக்கிவைத்த மரபைப் பற்றிய பகுதி அழகானதாகவும் உண்மையானதாகவும் இருக்கலாம். ஆனால் அதை எடுத்துவிட்டால் சங்கிலியின் எந்த வளையமும் அறுவதில்லை. அதே பகுதியை இருபது விநாடியாக்கி வைத்தால் அந்த மரபுக்கும் நியாயம் செய்ததாகாது. நம் வாதத்திலும் இருபது விநாடி குறையும். அதை அப்படியே தனிக் கோப்பில் சேமித்துவையுங்கள், அது மற்றொரு வீடியோவின் விதை.

வரலாறு வாதத்தின் உறுப்பாக இருக்கும் ஸ்கிரிப்ட்டுகளும் உண்டு. ‘மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை ஏரியைத் தூர்வாரிய ஊரில் அந்த வழக்கம் நின்ற பிறகுதான் நீர் குறைந்தது’ என்று நீங்கள் நிறுவப் போகிறீர்கள் என்றால் வரலாறே உங்கள் சான்று. அப்போது அதை வைத்துக்கொண்டு, வேறு எதையாவது எடுக்க வேண்டும்.

நேரம் போதவில்லை என்றால் எதிர்வாதத்தை விட்டுவிடலாமா?

இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்: மறுப்புகள் அனைத்தையும் விடலாம், மிக வலுவான ஒன்றை மட்டும் விடக் கூடாது. விட்டால் வீடியோவின் கீழ் முதல் கருத்தாக அதுவே வந்து நிற்கும், அங்கே பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

மூல ஸ்கிரிப்ட்டில் மூன்று மறுப்புகள் இருந்தன. சுத்தம் செய்யச் செலவாகும் என்பது ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை என்பது மற்றொன்று. சென்னையின் மழை சில நாள்களில் கொட்டித் தீர்ப்பதாலும், களிமண் பகுதிகளில் நீர் மெதுவாகவே இறங்குவதாலும், தொட்டி சுத்தமாக இருந்தாலும் பெருமழையில் நிரம்பி வழியத்தான் செய்யும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் நடைமுறைத் தடைகள். அவற்றுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லும் பகுதியிலேயே ஒரு தொடரில் பதில் வந்துவிடும். மூன்றாவது மறுப்பு வாதத்தின் வேரையே தொடுகிறது, ஏனென்றால் அடைப்புதான் காரணம் என்ற கூற்றை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

அதற்கான 25 விநாடி இப்படி அமையலாம்: ‘கனமழையில் சுத்தமான தொட்டியும் வழியும், களிமண் பகுதியில் இன்னும் சீக்கிரம் வழியும், அது உண்மை. ஆனால் பருவமழையில் எல்லா நாளும் கனமழை பெய்வதில்லை. இடைப்பட்ட நாள்களின் சாதாரண மழையும் உள்ளே இறங்காமல் ஓடுகிறது என்றால், அங்கே காரணம் மழையின் வேகமாக இருக்க முடியாது.’ மறுப்பின் உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டு, அது எதுவரை செல்லுபடியாகும் என்று எல்லை வகுப்பதால் வாதம் சுருங்குவதில்லை, முன்பைவிடத் திருத்தமாகிறது.

பகுதிகளை எடுத்த பிறகும் நீளமாகவே இருக்கிறது. வாக்கிய அளவில் எப்படிச் சுருக்குவது?

ஒரு பத்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மூலத்தில் காரணப் பகுதியின் நடுவே இது இருக்கிறது:

‘மழைநீர் சேகரிப்பு அமைப்பு என்பது ஒருமுறை கட்டிவிட்டால் என்றென்றும் தானாக இயங்கும் ஒன்று என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் உண்மை நிலை அதுவல்ல. மொட்டை மாடியில் ஆண்டு முழுவதும் தூசியும், காய்ந்த இலைகளும், பறவைகளின் எச்சமும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. முதல் மழை பெய்யும்போது இவை அனைத்தும் குழாய் வழியாக வடிகட்டித் தொட்டிக்குள் அடித்துக்கொண்டு வரப்படுகின்றன. அங்கே மேலடுக்கில் இருக்கும் மணலின் இடைவெளிகளில் இந்த நுண்ணிய வண்டல் படிந்து, நாளடைவில் ஒரு படலம் போல் இறுகிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்காமல் தொட்டி நிரம்பி வழிந்து தெருவுக்குப் போய்விடுகிறது. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது.’

சுருக்கிய வடிவம்:

‘மாடியில் சேரும் தூசியும் இலையும் முதல் மழையோடு வடிகட்டித் தொட்டிக்குள் வருகின்றன. அந்த வண்டல் மேல் மணலில் படிந்து இறுகிவிடுகிறது. பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காமல் தெருவுக்குப் போகிறது. பல வீடுகளில் நடப்பது இதுதான்.’

71 சொற்கள் 26 ஆகியிருக்கின்றன. முதலில் போனவை முன்னறிவிப்பு வாக்கியங்கள். ‘நம்மில் பலர் நினைக்கிறோம், உண்மை அதுவல்ல’ என்ற அமைப்பு, அடுத்து வரும் செய்திக்குக் கட்டியம் கூறுகிறதே தவிர, தானாக எதையும் சொல்வதில்லை. பேச்சுக்கான ஸ்கிரிப்ட்டுகளில் மிகுதியாக நேரத்தைத் தின்பது இதுதான். அடுத்து, மூன்று பொருள்களின் பட்டியல் இரண்டானது. ‘அடித்துக்கொண்டு வரப்படுகின்றன’ என்ற செயப்பாட்டு வினை ‘வருகின்றன’ ஆனது. ‘எவ்வளவு மழை பெய்தாலும்’ என்பது மிகை என்பதால் நீங்கியது.

நீக்காமல் விட்டவை இதைவிட முக்கியம். தூசி, வண்டல், இறுகிய மணல், வெளியே ஓடும் நீர் என்ற நான்கு படிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டாவது படியை எடுத்திருந்தால் தூசி ஏன் தண்ணீரைத் தடுக்கிறது என்பது விளங்காது. ‘பல வீடுகளில்’ என்ற இரண்டு சொல்லும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுத்தால் ஒரு விநாடிகூட மிச்சமாகாது, ஆனால் எல்லா வீட்டிலும் இதுதான் நிலை என்று நம்மால் நிறுவ முடியாத ஒன்றைச் சொன்னவர்கள் ஆகிவிடுவோம்.

சுருக்கிய பிறகு ‘நீங்கள் சொல்வது மாறிவிட்டது’ என்கிறார்கள். ஏன்?

வாதம் தொலைவதைவிட வாதம் திரிவது ஆபத்தானது, ஏனென்றால் திரிந்த வாதம் கேட்க நன்றாகவே இருக்கும். இது பெரும்பாலும் இரண்டு வகையில் நேர்கிறது.

ஒன்று, இடையில் இருந்ததை எடுத்ததால் தொலைவில் இருந்த இரண்டு செய்திகள் அருகருகே வந்து, இல்லாத காரணத் தொடர்பைக் காட்டுவது. மூலத்தின் தொடக்கத்தில் ஏரிகள் வறண்ட காட்சிகளும், நடுவில் 2018ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது என்ற செய்தியும், பிற்பகுதியில் தொட்டிகள் அடைபட்டிருப்பதும் இருந்தன. ஒருவர் சுருக்கும்போது, ‘2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டன. காரணம், மழைநீர்த் தொட்டிகள் பராமரிக்கப்படவில்லை’ என்று எழுதிவிட முடியும். மூலம் அப்படிச் சொல்லவே இல்லை. வீட்டுத் தொட்டிகள் நிலத்தடி நீருக்கானவை, ஏரிகள் நிரம்புவது அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யும் மழையால். அந்தக் காட்சியை வைத்தே தீர வேண்டும் என்றால் ‘பருவமழை பொய்த்து ஏரிகள் வறண்ட ஆண்டில், நிலத்தடி நீரும் கைகொடுக்காமல் போனது’ என்று எழுத வேண்டும். அதனால் கூடுவது ஓரிரு சொற்கள்தான்.

மற்றொன்று, நிபந்தனை உதிர்வது. ‘ஆறு மாதத் தண்ணீர்’ என்ற கணக்கோடு, மண்ணில் இறங்கும் நீர் முழுவதும் அதே வீட்டுக் கிணற்றுக்கு வந்துவிடாது, அது பக்கத்து நிலங்களுக்கும் பரவும் என்ற விளக்கம் மூலத்தில் இருந்தது. விளக்கத்தை எடுத்துவிட்டு, ‘உங்கள் வீட்டுக்கு ஆறு மாதத் தண்ணீர் இலவசம்’ என்று எழுதினால், தொட்டியைச் சுத்தம் செய்தும் ஆழ்துளைக் கிணற்றில் நீர் ஏறாத ஒருவர் நம் முழு வாதத்தையும் பொய் என்று தள்ளிவிடுவார். மேலே நான் ‘மண்ணுக்குள் இறக்கலாம்’ என்றும் ‘பயன்படுத்தும் தண்ணீரின் அளவு’ என்றும் எழுதியது அந்த நிபந்தனையை வினைச்சொல்லிலேயே அடக்கிவிடத்தான். தனி வாக்கியமாக நின்ற நிபந்தனையைப் பெரும்பாலும் இப்படி ஒரு சொல்லுக்குள் கொண்டுவந்துவிட முடியும்.

இவற்றைக் கண்டுபிடிக்க, சுருக்கிய வடிவத்தில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் மூலத்தில் தேடி அடிக்கோடிடுங்கள். மூலத்தில் நேராகக் காணப்படாத கூற்று எதுவோ, அது வெட்டும்போது பிறந்தது. சிறு ஓட்டைகளும் அப்போதே அகப்படும்: முதல் இரண்டு காரணங்கள் போன பிறகும் ‘மூன்றாவது காரணம்’ என்று நிற்கும் வரி, ‘முன்பு பார்த்த அந்தத் தொட்டி’ என்று, இப்போது யாரும் பார்த்திராத ஒன்றைச் சுட்டும் வரி.

அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் புரியுமா?

புரிய வேண்டிய அளவு புரியும், சொல்லும் வேலையைக் காட்சிக்குக் கொடுத்தால். மாடியிலிருந்து குழாய் இறங்குவதும், கூழாங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கிய தொட்டியின் குறுக்குவெட்டும் வரைபடமாக ஐந்து விநாடி திரையில் நின்றால், 100 விநாடிப் பேச்சின் சாரம் கண்ணுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் குரல் வரைபடத்தை வாசிக்கக் கூடாது. வண்டல் படிவதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். திரையில் இருப்பதையே குரலும் சொல்வது மூன்று நிமிட வீடியோவில் தாங்க முடியாத செலவு.

கைப்பேசியில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு என்பதால், வாதத்தின் முதன்மை வாக்கியமும் ஒரு லட்சம் லிட்டர் என்ற எண்ணும் எழுத்தாகவும் திரையில் வர வேண்டும்.

கொஞ்சம் வேகமாகப் பேசிச் சரிக்கட்டலாமா?

கூடாது. ஐந்து அல்லது பத்து விநாடி மிஞ்சினால் இன்னும் ஒரு வாக்கியத்தை எடுங்கள். வேகமாக வாசிக்கும்போது முதலில் மறைவது ‘ஆனால்’, ‘ஆகவே’ போன்ற சொற்களுக்கு முன் வரும் சிறு நிறுத்தம். வாதம் திரும்பும் இடத்தைக் கேட்பவர் அறிந்துகொள்வது அந்த நிறுத்தத்தால்தான்.

சுருக்கிய வடிவம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மூல ஸ்கிரிப்ட்டைப் படிக்காத ஒருவருக்கு, திரையோ தாளோ இல்லாமல், ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு ‘பிடித்திருந்ததா’ என்று கேட்காமல், ‘இதில் என்ன சொல்லியிருக்கிறது, ஏன் அப்படிச் சொல்கிறது’ என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ‘மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்கிறது’ என்று அவர் சொன்னால், தலைப்புதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாதத்தைச் சொல்லும் வாக்கியம் முன்னால் வரவில்லை அல்லது போதிய நேரம் பெறவில்லை. ‘தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டுமாம்’ என்று சொல்லி, ஏன் என்பதைச் சொல்ல முடியாமல் திணறினால், முடிவு சேர்ந்திருக்கிறது, காரணம் சேரவில்லை. வண்டல் பகுதிக்குத் திரும்புங்கள். ‘தொட்டி அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் உள்ளே போகாது, அதனால் மழைக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும்’ என்று தம் சொற்களில் சொன்னால், எண்கள் எதையும் அவர் நினைவில் வைத்திருக்காவிட்டாலும் வாதம் முழுதாக இருக்கிறது.

இந்தச் சோதனையை ஒருவரிடம் ஒருமுறைதான் செய்ய முடியும். திருத்திய பிறகு மீண்டும் சோதிக்க வேறொருவர் வேண்டும், ஏனென்றால் முதலாமவர் விடுபட்டதை இப்போது தாமே நிரப்பிக்கொள்வார்.

பத்து நிமிட வீடியோவை ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டேன். அதையே எடிட்டிங்கில் வெட்டி மூன்று நிமிடமாக்கலாமா?

பேச்சின் இடையே வெட்டினால் குரலின் ஏற்ற இறக்கம் பொருந்தாமல் துண்டு துண்டாகக் கேட்கும். அதைவிட, மேலே வண்டல் பத்தியில் செய்ததுபோல் வாக்கியத்தைத் திருத்தி எழுதும் வாய்ப்பு எடிட்டிங்கில் கிடைக்காது. பேசியதை எடுக்கலாம், மாற்ற முடியாது. எனவே காட்சிகளை அப்படியே பயன்படுத்திக்கொண்டு, குரலை மட்டும் புதிய ஸ்கிரிப்ட்டின்படி மீண்டும் பதிவு செய்வது நல்லது. நீங்கள் கேமராவைப் பார்த்துப் பேசிய பகுதிகளாக இருந்தால், தொடக்கத்தையும் மறுப்புக்கான பதிலையும் மட்டுமாவது புதிதாக எடுங்கள். நிபந்தனைகள் மிக நெருக்கமாகக் கோக்கப்பட்டிருக்கும் இடங்கள் அவை இரண்டும்தான். முழு வீடியோவின் இணைப்பை விவரப் பகுதியில் கொடுத்து, கூரைக் கணக்கின் விரிவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான குறிப்பும் அதில் எந்த நிமிடத்தில் வருகின்றன என்று எழுதிவிட்டால், தேவைப்படுபவர் நேராக அங்கே செல்வார்.